கூரையில் மூன்று காகம்: நடுவில் நிற்பது ஊர்க்காகமா, அண்டங்காகமா?

உவர்மலை மாடி | சனி, காலை 9.10

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்குப் பாடசாலையில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும் காகங்களில் ஊர்க்காகம் எத்தனை, அண்டங்காகம் எத்தனை என்று ஒரு வாரம் எழுத வேண்டும். படமும் ஒட்ட வேண்டும்.

இன்று காலை ஏழு மணி போல எங்கள் மேல்மாடியில் நின்று பக்கத்து வீட்டுக் கூரையைப் போனில் எடுத்தேன். கடல் பக்கம் பார்த்து எடுத்த படம், அதனால் வெயில் எதிரே. படத்தில் மூன்று காகம். இடது பக்கம் கறுப்புத் தண்ணீர்த் தாங்கியின் மேல் நிற்பதை ‘அ’ என்று வைப்போம். சீற் முகட்டில் நடுவில் நிற்பது ‘ஆ’, வலது ஓரத்தில் ‘இ’.

‘இ’ பற்றிச் சந்தேகம் இல்லை, கழுத்துச் சாம்பல் நன்றாகத் தெரிகிறது. ‘அ’ முழுக்கறுப்பு, பெரிதாகவும் இருக்கிறது. நடுவில் நிற்கும் ‘ஆ’ தான் பிரச்சினை. கழுத்து கறுப்பு மாதிரி இருக்கிறது, சொண்டும் மொத்தமாகத் தெரிகிறது, ஆனால் உடம்பு ‘இ’யைவிடக் கொஞ்சம்தான் பெரிது. மகள் அண்டங்காகம் என்கிறாள். அவளுடைய அப்பா “ஏதோ ஒரு காகம், எழுதிவிடு” என்கிறார்.

சாம்பல்தீவான் | சனி, காலை 9.31

அக்கா, இதில் குழம்ப ஒன்றுமில்லை. பெரியது அண்டங்காகம், சின்னது ஊர்க்காகம். ‘அ’ பெரிது, ‘இ’ சின்னது. ‘ஆ’ இரண்டுக்கும் நடுவில் என்றால் அது அண்டங்காகத்தின் பெட்டை. ஆண் பெரிதாக இருக்கும், பெட்டை கொஞ்சம் சின்னதாக இருக்கும். எங்கள் பக்கத்தில் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன்.

பாலையூற்று மாமி | சனி, காலை 9.48

பிள்ளை, காகம் கூரையில் வந்து கத்துதென்றால் சனிக்கிழமை சோறு வையுங்கோ, அதோடு அடங்கிவிடும். எங்கட வீட்டுக்கு வருகிற ஒன்று சீற்றில் நடந்து திரிந்து விடியற்காலையில் நித்திரையைக் கெடுக்குது. தாங்கியின் மூடியையும் கொத்துது. இதுக்கு ஏதாவது வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

உவர்மலை மாடி | சனி, காலை 9.55

மாமி, நான் விரட்டுவதற்குக் கேட்கவில்லை, இனம் தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். இருந்தாலும் யாராவது பதில் சொன்னால் எனக்கும் உதவும்தான்.

கொட்டியாரக்குடா | சனி, காலை 10.40

அம்மா, நல்ல கேள்வி. முதலில் சுமையைக் கொஞ்சம் குறைத்துவிடுகிறேன். இலங்கை முழுவதும் எடுத்தாலும் காகத்தில் இரண்டு இனம்தான் உண்டு: சாம்பல் கழுத்து ஊர்க்காகம், முழுக்கறுப்பு அண்டங்காகம். இந்தியாவின் வடக்கிலும் வெளிநாடுகளிலும் உள்ள மற்றப் பெரிய காகங்களை இணையத்தில் பார்த்துவிட்டு இங்கே தேட வேண்டாம். ஆகவே ‘ஆ’ இந்த இரண்டில் ஒன்று.

தம்பி சாம்பல்தீவானுக்கு: ஆண் கொஞ்சம் பெரிது என்பது சரி, இரண்டு இனத்திலும் அப்படித்தான். ஆனால் அந்த வித்தியாசம் மிகச் சிறியது. சேர்ந்து நின்றாலும் கண்ணால் பிரிப்பது கஷ்டம், படத்தில் கேட்கவே வேண்டாம். நிறத்தில் ஆணும் பெண்ணும் ஒன்றே. கறுப்பு ஆண், சாம்பல் பெண் என்று நம்மூரில் சொல்கிற கதையும் அதனால் நிற்காது.

‘ஆ’ எது என்று நான் இப்போது சொல்லப் போவதில்லை. படம் வெயிலுக்கு எதிரே எடுத்தது, அதுவும் இங்கே ஏற்றும்போது சுருங்கியிருக்கிறது. ஊர்க்காகத்தின் சாம்பல் இடம் இடமாக மாறும். பாகிஸ்தான் பக்கம் அது வெளிறிப் போய்க் கிட்டத்தட்ட வெள்ளையாக இருக்கும். தென்னிந்தியாவிலும் நம் நாட்டிலும் உள்ளது மங்கின, கருஞ்சாம்பல். இணையத்தில் வரும் பளிச்சென்ற படங்களைப் பார்த்துவிட்டு நம் காகத்தைப் பார்த்தால் ‘இதில் சாம்பலே இல்லையே’ என்று தோன்றும். எதிர்வெயிலில் அந்தக் கொஞ்சச் சாம்பலும் கறுப்புக்குள் போய்விடும்.

போனில் இருக்கும் மூலப்படத்தை அனுப்ப முடியுமா? வட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பி எடுத்த பிரதி வேண்டாம்.

லென்ஸ் பெட்டி | சனி, காலை 11.15

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் ஸ்டூடியோவில் வேலை செய்கிறவன், பறவை பற்றிப் பெரிதாகத் தெரியாது, படம் பற்றித் தெரியும்.

இப்போதைய போன்கள் எதிர்வெயிலில் இரண்டு வேலை பார்க்கின்றன. வானம் வெளுக்காமல் இருக்க மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். பிறகு நிழலான இடங்களை மட்டும் தூக்கி வெளிச்சமாக்கும். அப்படித் தூக்கும்போது வருகிற புள்ளிகளை மறைக்க எல்லாவற்றையும் வழித்து மெழுகிவிடும். அதனால் கறுப்புக் காகத்தின் கழுத்து சாம்பலாகவும் வரலாம், சாம்பல் காகத்தின் கழுத்து கறுப்பாகவும் வரலாம். போன் காட்டுகிற நிறத்தை அப்படியே நம்ப வேண்டாம்.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. மூலப்படத்தைப் போனிலேயே திருத்தத்தில் திறந்து, நிழலைத் தூக்குகிற பட்டையை மெதுவாக மேலே கொண்டு போங்கள். பார்க்க வேண்டியது ஒரே பறவையின் உச்சந்தலையையும் பின்கழுத்தையும். இரண்டும் ஒன்றாகவே வெளுத்து வந்தால் அது ஒரே நிறம். கழுத்து முந்திக்கொண்டு வெளுத்து, தலை கறுப்பாகவே பின்தங்கினால் அங்கே உண்மையிலேயே இரண்டு நிறம் இருக்கிறது. பக்கத்துக் காகத்தோடு ஒப்பிடாதீர்கள், அது வேறு கோணத்தில் நிற்கிறது, அதன் மேல் விழுகிற வெளிச்சம் வேறு.

ஆனால் அந்த இடம் முழு இருட்டாகவே பதிந்திருந்தால் எவ்வளவு தூக்கினாலும் ஒன்றும் வராது, வெறும் புழுதிதான் வரும்.

உவர்மலை மாடி | சனி, நண்பகல் 12.20

மூலப்படம் ஏற்றிவிட்டேன். இன்னொரு படமும் இருக்கிறது, முதல் படத்துக்குச் சில விநாடி கழித்து எடுத்தது. அதில் ‘ஆ’ தலையைத் திருப்பியிருக்கிறது. கை ஆடிவிட்டது, அதனால் முதலில் போடவில்லை.

லென்ஸ் பெட்டி சொன்ன மாதிரி பட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ‘இ’க்குக் கழுத்து உடனே பிரிந்து வந்தது. ‘ஆ’க்கு முதல் படத்தில் ஒன்றும் பிரியவில்லை. இரண்டாவது படத்தில் காதுக்குப் பின்னால் ஒரு மங்கின கோடு மாதிரித் தெரிகிறது, நானாகக் கற்பனை செய்கிறேனோ தெரியாது. ‘அ’க்கு கழுத்தில் வெள்ளையாகவே ஒரு திட்டு வந்தது! இப்போது அதுவும் ஊர்க்காகமா?

சாம்பல்தீவான் | சனி, நண்பகல் 12.41

ஐயா சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் அளந்து பார்த்தால் எல்லாம் தெளிவாகும். பறவைப் புத்தகத்தில் ஊர்க்காகம் சுமார் 40 செ.மீ., அண்டங்காகம் 48 செ.மீ. போல என்று இருக்கிறது. எட்டு செ.மீ. வித்தியாசம் சின்ன விசயமா?

அக்கா எடுத்த கூரை அலை வைத்த அஸ்பெஸ்டஸ் சீற். எங்கள் வீட்டிலும் அதே மாதிரிதான், ஏணி வைத்து இப்போதுதான் அளந்தேன். ஓர் அலையின் உச்சியிலிருந்து அடுத்த உச்சிக்கு 14.6 செ.மீ. மூலப்படத்தில் ‘ஆ’வின் கால் பக்கத்தில் ஓர் அலை 88 பிக்சல். ‘இ’ சொண்டு நுனியிலிருந்து வால் நுனி வரை 240 பிக்சல், அதாவது கிட்டத்தட்ட 40 செ.மீ. ‘ஆ’ 262 பிக்சல், 43.5 செ.மீ. பாருங்கள், ‘ஆ’ பெரிது. ‘அ’வை அதே கணக்கில் போட்டால் 52 வருகிறது. அண்டங்காகம்.

கொட்டியாரக்குடா | சனி, பிற்பகல் 2.05

தம்பி ஏணியில் ஏறி அளந்தது நல்ல வேலை. படத்தில் அளவு சொல்ல வேண்டுமென்றால் இதுதான் முறை: பறவை நிற்கிற அதே இடத்தில், அதே தூரத்தில் உள்ள, அளவு தெரிந்த ஒரு பொருள். ‘ஆ’வும் ‘இ’யும் ஒரே முகட்டில் நிற்கின்றன, அதனால் அந்த இரண்டுக்கும் சீற் அளவு பொருந்தும். ‘அ’வுக்குப் பொருந்தாது. தாங்கி முகட்டுக்குப் பின்னால் தள்ளி நிற்கிறதா, முன்னால் இருக்கிறதா என்று படத்தில் தெரியவில்லை. கொஞ்சம் முன்னால் இருந்தாலே போதும், சாதாரணக் காகமும் 52 ஆகிவிடும். அந்த எண்ணை விட்டுவிடுங்கள்.

இனி 43.5. புத்தகத்தில் போடுகிற நீளம் எப்படி எடுத்தது தெரியுமா? பறவையை மல்லாக்கக் கிடத்தி, கழுத்தை நீட்டிச் சொண்டு நுனியிலிருந்து வால் நுனி வரை. கூரையில் நிற்கிற காகம் கழுத்தை உள்ளே இழுத்து முதுகை உயர்த்தி நிற்கும். அது புத்தகக் கணக்கைவிடக் குறைவாகத்தான் வரும். எட்டிப் பார்க்கிற காகம் கூடுதலாக வரும். இன்னொன்று, உடம்பு முகட்டுக்கு இணையாக இல்லாமல் கொஞ்சம் நம் பக்கம் திரும்பியிருந்தால் நீளம் படத்தில் சுருங்கிவிடும். ‘இ’ அப்படித்தான் நிற்கிறது, அதன் இரண்டு தோளும் தெரிகிறது. ‘ஆ’ நேர்ப்பக்கமாக நிற்கிறது. ஆக அந்த மூன்றரை செ.மீ. நிற்கிற விதத்தினால் மட்டுமே வந்திருக்கலாம். ஊர்க்காகமே 43 வரை போகும். அண்டங்காகத்தில் சின்னது 46 போல. 43.5 என்பது யாருக்கும் சொந்தமில்லாத எண்.

‘அ’வின் வெள்ளைத் திட்டுக்கு வருகிறேன். அம்மா, அது நிறம் இல்லை, பளபளப்பு. அண்டங்காகத்தின் இறகு எண்ணெய் தேய்த்த மாதிரி மினுங்கும். வெயில் பட்டால் கழுத்தில் வெள்ளையாகவே தெறிக்கும். எப்படிப் பிரிப்பது? மினுக்கம் கழுத்தோடு நிற்காது. அதே சாய்வில் இருக்கிற தோளிலும் இறக்கை மடிப்பிலும் அதே மாதிரித் தெறிக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், ‘அ’வின் தோளிலும் ஒரு வெள்ளைக் கீற்று இருக்கிறது. ஊர்க்காகத்தின் சாம்பல் மினுங்காது. அது பின்கழுத்தில் தொடங்கிப் பக்கவாட்டில் இறங்கி நெஞ்சைச் சுற்றி வரும். உச்சந்தலை, முகம், தொண்டை மூன்றும் கறுப்பாக நிற்கும். அந்த எல்லைதான் அடையாளம். வெறும் வெளிறிய இடம் அடையாளம் இல்லை.

கிண்ணியாக்காரன் | சனி, பிற்பகல் 3.20

ஐயா, எனக்கு வேறொரு சந்தேகம். ‘ஆ’ காகமே இல்லாமல் குயிலாக இருந்தால்? போன வருடம் எங்கள் வளவு வேம்பில் காகம் கூடு வைத்தது. அதில் குயில் முட்டை போட்டு, குஞ்சு பறக்கிற அளவுக்கு வந்த பிறகும் காகம் தீத்திக்கொண்டு திரிந்தது. உம்மா அதைக் காகக் குஞ்சு என்றே நினைத்துச் சோறு வைத்தார். ஒரு மாதம் கழித்துத்தான் குரல் கேட்டுச் சிரித்தோம். கறுப்பாக, காகத்தோடு காகமாக நின்றால் எப்படிக் கண்டுபிடிப்பது?

கொட்டியாரக்குடா | சனி, பிற்பகல் 3.44

தம்பி, கேட்க வேண்டிய கேள்விதான். இந்தப் படத்தில் ‘ஆ’ குயில் இல்லை என்று துணிந்து சொல்லலாம். மடித்த இறக்கையின் நுனியைப் பாருங்கள். காகத்துக்கு அது வால் நுனிக்குக் கிட்ட வந்துவிடும். குயிலின் வால் இறக்கையைத் தாண்டி நீளமாகத் தொங்கும். ‘ஆ’வுக்கு வால் இறக்கை நுனியிலிருந்து ஒரு விரல் அளவுதான் வெளியே நிற்கிறது. ஆண் குயிலின் சொண்டு வெளிறின பச்சை, கண் சிவப்பு. இதில் சொண்டு கறுப்பு. குயிலைத் தள்ளிவிடலாம்.

குச்சவெளி நோக்கன் | சனி, மாலை 5.10

இப்போதுதான் படத்தைப் பார்த்தேன். கழுத்தையும் அளவையும் பேசுகிறீர்கள், சொண்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. என் கணக்கில் சொண்டுதான் முதல். அண்டங்காகத்தின் மேல்சொண்டு அடியிலிருந்தே உயர்ந்து வளைந்து வந்து நுனியில் சட்டென்று இறங்கும், பாக்குவெட்டியின் மேல் அலகு மாதிரி. ஊர்க்காகத்துக்கு அந்தக் கனம் இருக்காது, வளைவு மெதுவாக இறங்கும்.

‘ஆ’வின் சொண்டு முதல் படத்தில் அடியில் நல்ல கனமாக இருக்கிறது. பிக்சல் எண்ணினேன். சொண்டின் நீளம் 31, அடிக்கனம் 14. ‘இ’க்கு நீளம் 29, கனம் 10. நான் அண்டங்காகம் பக்கம்.

கொட்டியாரக்குடா | சனி, மாலை 5.52

நோக்கன் சொல்வது பாதிக்கு நானும் உடன்படுகிறேன். கிட்ட எடுத்த நல்ல படம் என்றால் நானும் சொண்டைத்தான் முதலில் பார்ப்பேன். கழுத்து வெளிச்சத்தில் ஏமாற்றும், சொண்டின் உருவம் அவ்வளவு ஏமாற்றாது.

ஆனால் இந்தப் படத்தில் கணக்கைப் பாருங்கள். தம்பியின் சீற் அளவுப்படி ஒரு செ.மீ.க்கு ஆறு பிக்சல். இரண்டு இனத்தின் சொண்டுக் கனத்துக்கும் இருக்கிற வித்தியாசம் சில மில்லிமீட்டர். அது படத்தில் இரண்டு, மூன்று பிக்சல்தான். போன் மெழுகிவிட்ட ஓரத்தில் எந்தப் பிக்சலில் சொண்டு முடிகிறது, எதில் வானம் தொடங்குகிறது என்று நீங்கள் ஒரு தடவையும் நான் ஒரு தடவையும் எண்ணினால் அதே மூன்று பிக்சல் மாறும்.

இன்னொரு விசயமும் இருக்கிறது. முதல் படத்தில் ‘ஆ’வின் சொண்டுக்குக் கீழ் ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நேராக இல்லை. நடுவில் ஒரு புடைப்பு இருக்கிறது. சொண்டில் எதையோ கவ்விக்கொண்டு நிற்கிறது என்று நினைக்கிறேன். அம்மா, அப்போது அது எதையாவது வைத்திருந்ததா?

உவர்மலை மாடி | சனி, மாலை 6.30

மகளைக் கேட்டேன். “ஓம், கருவாட்டுத் தலை” என்கிறாள். முன் வீட்டில் மீன் வெட்டிப் போட்டிருந்தார்கள், காலையில் அதைத் தூக்கிக்கொண்டு வந்ததாம். இரண்டாவது படத்தில் அது இல்லை, சீற்றின் மேல் காலடியில் கிடக்கிறது. காலால் மிதித்துக்கொண்டிருக்கிறது.

லென்ஸ் பெட்டி | சனி, மாலை 6.44

அப்போ இரண்டாவது படத்தில்தான் சொண்டு தனியாக இருக்கிறது. அது ஆடியிருக்கிறது, ஆனால் எந்தப் பக்கம் ஆடியது என்று பாருங்கள். அன்ரனா கம்பி ஒற்றைக் கோடாகவே நிற்கிறது, முகட்டின் கோடு இரட்டையாகத் தெரிகிறது. கை மேலும் கீழும் ஆடியிருக்கிறது. மேலும் கீழும் ஆடினால் குறுக்காக நிற்கிற சொண்டின் கனம் கூடித்தான் தெரியும், குறையாது. அப்படியிருந்தும் அதில் சொண்டு முதல் படத்தைவிட மெல்லியதாக இருக்கிறது. அதன் அர்த்தம் பறவை தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கொட்டியாரக்குடா | சனி, இரவு 7.15

அருமையான அவதானிப்பு. கனமாகக் காட்ட வேண்டிய படத்திலேயே சொண்டு மெலிந்து தெரிகிறது என்றால் உண்மைச் சொண்டு அதைவிடவும் மெலிந்தது. முதல் படத்தின் கனம் கருவாட்டுத் தலையினுடையது.

இரண்டாவது படத்தில் உருவத்தைப் பாருங்கள், பிக்சலை எண்ண வேண்டாம். நெற்றியும் மேல்சொண்டும் சேருகிற இடத்தில் ‘ஆ’வுக்கு உடைப்பு இல்லை, சரிந்து சேருகிறது. தாங்கியில் நிற்கிற ‘அ’வுக்கு நெற்றி எழும்பி நிற்கிறது, சொண்டு தனியாகப் புடைத்து வருகிறது. இதிலும் ஓர் எச்சரிக்கை: உச்சி இறகைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஊர்க்காகத்துக்கும் நெற்றி எழும்பித் தெரியும். இப்போது கச்சான் அடிக்கிற காலம், மேல்காற்று இறகைத் தூக்கிவிடும். அதனால் நெற்றியை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டேன். மெலிந்த சொண்டோடு சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அம்மா சொன்ன காதுக்குப் பின்னாலுள்ள கோடு கற்பனை இல்லை. நானும் நிழலைத் தூக்கிப் பார்த்தேன். கன்னம் கறுப்பாக நிற்கிறது, அதற்குப் பின்னால் ஒரு படி வெளுப்பு, அந்த வெளுப்பு வளைந்து நெஞ்சுப் பக்கம் இறங்குகிறது. தோளில் அப்படி இல்லை. மினுக்கம் என்றால் தோளிலும் வந்திருக்க வேண்டும். ‘ஆ’ ஊர்க்காகம் என்பது என் முடிவு. சாம்பல் இவ்வளவு மங்கலாக இருப்பதால் இந்த வருடத்துக் குஞ்சாக இருக்கலாம். குஞ்சுக்குச் சாம்பலும் கறுப்பும் அவ்வளவு வெட்டாகப் பிரியாது, இறகில் மினுக்கமும் குறைவு.

குச்சவெளி நோக்கன் | சனி, இரவு 8.02

சொண்டு விசயத்தில் கருவாட்டை நான் கணக்கில் எடுக்கவில்லை, சரி. ஊர்க்காகம் என்பதை ஏற்கலாம். ஆனால் குஞ்சு என்பதை ஏற்க முடியாது. குஞ்சு என்றால் வாய் ஓரம் இளஞ்சிவப்பாகத் தடித்து நிற்கும், இறகு பஞ்சு மாதிரி இருக்கும். இதில் வாய் ஓரம் தெரியவில்லை. எதிர்வெயிலில் வளர்ந்த காகத்தின் சாம்பலும் இப்படி மங்கும் என்று நீங்களே முதலில் சொன்னீர்கள்.

கொட்டியாரக்குடா | சனி, இரவு 8.20

அதே முகட்டில், அதே வெயிலில் நிற்கிற ‘இ’க்குச் சாம்பல் உடனே பிரிந்து வந்ததே. அதனால்தான் குஞ்சு என்கிறேன். ஆனால் ‘இ’ கொஞ்சம் நம் பக்கம் திரும்பி நிற்கிறது, வெளிச்சம் அதன் மேல் வேறு மாதிரி விழுந்திருக்கலாம், அது உண்மை. வாய் ஓரம் தெரிகிற படம் வராமல் இதை முடிக்க முடியாது.

சாம்பல்தீவான் | சனி, இரவு 8.33

இரண்டும் சேர்ந்த கலப்பாக இருந்தால்? கழுத்து பாதி, அளவு பாதி, சொண்டு பாதி. எல்லாம் பொருந்துகிறதே.

கொட்டியாரக்குடா | சனி, இரவு 8.41

தம்பி, எல்லாம் பாதி பாதியாகத் தெரிவது படம் பாதியாக இருப்பதால். கலப்பு என்று சொல்வதற்குக் கையில் பிடித்து அளந்திருக்க வேண்டும், அல்லது நல்ல வெளிச்சத்தில் நாலு பக்கமும் எடுத்த படங்கள் வேண்டும். எதிர்வெயில் படம் ஒன்றை வைத்து அந்தப் பக்கம் போனால் ஊரிலுள்ள பாதிக் காகம் கலப்பாகிவிடும்.

கிண்ணியாக்காரன் | சனி, இரவு 9.05

எனக்கு இன்னொன்று தெரிய வேண்டும். எங்கள் பக்கம் மீன் வாடிகளில் நிற்பதெல்லாம் சாம்பல் கழுத்து. கோணேசர் கோயிலுக்குப் போகிற கோட்டை வழியில் மரங்களில் கறுப்பன் கூட. அப்படியென்றால் இடத்தைப் பார்த்தே சொல்லிவிட முடியாதா?

கொட்டியாரக்குடா | சனி, இரவு 9.22

பொதுவாக அந்தப் போக்கு இருக்கிறது. ஊர்க்காகம் மனிதனை விட்டுப் பிரியாது. கப்பலில் தொற்றிக்கொண்டு ஆபிரிக்காவின் கிழக்குக் கரைத் துறைமுகங்களிலெல்லாம் குடியேறியிருக்கிறது, 1994இல் நெதர்லாந்தின் ஹூக் வான் ஹொலண்ட் துறைமுகத்திலும் வந்து இறங்கியது. நம் துறைமுகத்தில் நிற்கிறதற்குக் கேட்க வேண்டுமா? அண்டங்காகத்துக்குக் காடும் சரி, மரம் உள்ள ஊரும் சரி.

ஆனால் இடத்தை வைத்து ஒரு காகத்தின் பெயரைச் சொல்லக் கூடாது. அம்மாவின் படத்திலேயே இரண்டும் ஒரே கூரையில் நிற்கின்றன. மீன் வெட்டுகிற இடத்துக்கு இரண்டும் வரும்.

உவர்மலை மாடி | சனி, இரவு 9.40

எல்லோருக்கும் நன்றி. மகளின் அட்டவணையில் என்ன எழுதுவது என்று மட்டும் சொல்லுங்கள். நாளைக்கு நல்ல படம் எடுப்பதற்கும் ஒரு வழி சொன்னால் உதவி.

லென்ஸ் பெட்டி | சனி, இரவு 9.58

படத்துக்கு: அதே மாடியில் மாலை நாலு, நாலரைக்கு நில்லுங்கள். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் வந்துவிடும், காகத்தின் முகத்தில் விழும். போன் திரையில் காகத்தைத் தொட்டுவிட்டு, பக்கத்தில் வருகிற சூரியன் குறியை மேலே கொஞ்சம் இழுங்கள். வானம் வெளுத்துப் போகட்டும், நமக்கு வானம் தேவையில்லை. விரலால் விரித்துப் பெரிதாக்கி எடுக்க வேண்டாம். அப்படியே எடுத்து, பிறகு வெட்டுங்கள். ஒரே காகத்தை நாலைந்து தடவை தொடர்ந்து எடுங்கள், ஒன்றிலாவது பக்கவாட்டாக நிற்கும், வாயும் காலியாக இருக்கும். அனுப்பும்போது வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள், சுருங்காது.

கொட்டியாரக்குடா | சனி, இரவு 10.10

அட்டவணைக்கு: ‘அ’ அண்டங்காகம். நிறத்தாலும் அளவாலும் சொல்லவில்லை, எழும்பின நெற்றியும் வளைந்த கனத்த சொண்டும் அதில் தெளிவாக இருக்கின்றன, கழுத்துக்கும் தலைக்கும் எல்லைக் கோடு இல்லை. ‘இ’ ஊர்க்காகம். ‘ஆ’வுக்கு ஊர்க்காகம் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடச் சொல்லுங்கள். ஆசிரியர் கேட்டால் கருவாட்டுக் கதையைச் சொல்லட்டும்.

குச்சவெளி நோக்கன் | சனி, இரவு 10.26

நான் என்றால் மூன்றாவதாக ஒரு நிரல் போடுவேன், ‘இனம் தெரியாதவை’ என்று. கேள்விக்குறி போட்டதைக் கடைசியில் கூட்டும்போது எல்லோரும் மறந்து ஊர்க்காகத்தோடு சேர்த்துவிடுவார்கள். ஒரு வாரம் எண்ணினால் இப்படி நிறைய வரும், அத்தனையும் ஒரு பக்கம் சாய்ந்தால் கணக்கே பிழைத்துவிடும்.

கொட்டியாரக்குடா | சனி, இரவு 10.31

நிரல் போடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ‘ஆ’வை அதில் போட நான் சம்மதிக்க மாட்டேன்.

பாலையூற்று மாமி | ஞாயிறு, காலை 6.15

தாங்கி மூடி கொத்துறதுக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே. இன்றைக்கும் வந்து நிற்குது. கழுத்து சாம்பல்தான், அது மட்டும் எனக்கு நல்லாத் தெரியுது.

கிண்ணியாக்காரன் | ஞாயிறு, காலை 6.50

மாமி, மூடிக்கு மேலே ஒரு துண்டு மீன் வலையைப் போட்டு ஓரத்தைக் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். தளர விட்டால் காகத்தின் கால் மாட்டிக்கொள்ளும், பிறகு ஊர்க்காகம் எல்லாம் கூடிவிடும்.